ஆட்டுக்குட்டி இல்லாத பஸ்கா: சேடர் இரவின் வரிசையும் தட்டும் வாசிப்பும்

கேள்வி: யாத்திராகமம் 12-ல் ஆட்டுக்குட்டியைச் சுட்டு, புளிப்பில்லா அப்பத்தோடும் கசப்பான கீரையோடும் சாப்பிடச் சொல்லியிருக்கிறது. இப்போது யூதர்கள் வீட்டில் பஸ்கா இரவில் என்ன வரிசையில் என்ன செய்கிறார்கள்? தட்டில் இருப்பதெல்லாம் எதற்கு? மேசையில் என்ன வாசிக்கிறார்கள்? எங்கள் சபையில் பெரிய வியாழன் அன்று இதை அப்படியே செய்து பார்க்கலாமா?

பதில்: ஆட்டுக்குட்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மீதி எல்லாமே அதைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. இன்றைய யூத வீட்டு மேசையில் பஸ்கா ஆடு கிடையாது. உபாகமம் 16, பஸ்கா பலியை உங்கள் ஊர்களில் எங்கே வேண்டுமானாலும் அடிக்கக் கூடாது, ஆண்டவர் தெரிந்துகொள்ளும் இடத்தில்தான் அடிக்க வேண்டும் என்கிறது. அந்த இடம் எருசலேம் ஆலயம். கி.பி. 70-ல் ரோமப் படை ஆலயத்தை இடித்தது, அதோடு பலியும் நின்றது. (நாப்லுஸ் பக்கத்தில் கெரிசீம் மலையில் சமாரியர்கள் இன்றும் ஆடுகளை அடித்து, குழி அடுப்பில் சுட்டு, பஸ்கா கொண்டாடுகிறார்கள். அவர்களுக்குப் புனித இடம் எருசலேம் அல்ல, அந்த மலைதான். எனவே ஆலயம் இடிந்தது அவர்களைத் தொடவில்லை.)

சரி, விருந்தின் நடுப்பொருளே இல்லாமல் போனால் என்ன செய்வது? இன்றைய யூதர் செய்யும் சேடர் விருந்து அதற்குக் கிடைத்த விடை. ஆடு இருந்த இடத்தில் பேச்சு வந்து உட்கார்ந்தது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூத ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் 'பெசாகிம்' என்ற பகுதியின் 10-வது அதிகாரத்தைப் பார்த்தால், இன்றைய வரிசையின் எலும்புக்கூடு அங்கேயே இருக்கிறது: நான்கு கோப்பை திராட்சரசம், பிள்ளையின் கேள்வி, தகப்பன் சொல்லும் கதை, சங்கீதங்கள். மேசையில் கையில் வைத்து வாசிக்கும் புத்தகத்துக்கு ஹகாதா என்று பெயர். அது பல நூற்றாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வளர்ந்தது.

நான் இஸ்ரேலில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருஷம் இருந்தேன். அவர் குடும்பம் பாக்தாத்திலிருந்து வந்தது. நான் கீழே சொல்வதில் பொதுவானது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். வீட்டுக்கு வீடு மாறுவதை அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன்.

முதலில் தட்டு. நிசான் மாதம் 15-ம் தேதி, அதாவது பௌர்ணமி இரவு, வீட்டுத் தலைவரின் முன்னால் பெரிய தட்டு ஒன்று இருக்கும். பரவலான ஒரு முறைப்படி, அதன் மேல் வலது மூலையில் சுட்ட எலும்பு, மேல் இடதில் சுட்ட முட்டை, நடுவில் கசப்புக் கீரை, கீழே வலதில் ஹரோசெத் என்ற இனிப்புக் கலவை, கீழே இடதில் ஏதாவது ஒரு காய் அல்லது இலை, அடியில் இன்னொரு பங்கு கசப்புக் கீரை. தட்டுக்குப் பக்கத்தில் துணி போட்டு மூடிய மூன்று மட்சா, அதாவது புளிப்பில்லா அப்பம். பல வீடுகளில் ஒரு கிண்ணத்தில் உப்புத் தண்ணீரும் இருக்கும்.

எலும்பும் முட்டையும் நினைவுக்காக வைப்பவை. எலும்பு பஸ்கா ஆட்டின் நினைவு. ஆட்டுக் கால் எலும்பு கிடைக்காவிட்டால் கோழிக் கழுத்தை அடுப்பில் வாட்டி வைப்பார்கள். முட்டை, ஆலயத்தில் பஸ்காவோடு சேர்த்துக் கொடுத்த பண்டிகைப் பலியின் நினைவு. எலும்பைச் சேடரின்போது சாப்பிடுவதில்லை. முட்டையைச் சில வீடுகளில் விருந்தின்போது சாப்பிடுவார்கள். ஐரோப்பிய யூத வீடுகளில் அன்று இரவு சுட்ட இறைச்சியே மேசைக்கு வராது. குழம்பாகவோ வேகவைத்தோதான் வரும். ஆலயம் இல்லாத காலத்தில் பஸ்கா பலியைச் சாப்பிடுவதுபோல ஒரு தோற்றம்கூட வந்துவிடக் கூடாது என்பதற்காக.

கசப்புக் கீரை என்றதும் நம் ஆட்கள் வேப்பிலை மாதிரி ஒன்றை நினைத்துக்கொள்கிறார்கள். மிஷ்னா ஐந்து வகைச் செடிகளை அனுமதிக்கிறது, அதில் முதலாவது லெட்யூஸ். பாக்தாத், மொரோக்கோ, ஏமன் வழி வந்த வீடுகளில் நீளமான ரோமெய்ன் லெட்யூஸ்தான் வைப்பார்கள். கசப்பே இல்லையே என்று கேட்டால், மிஷ்னாவுக்கு ரபிகள் சொன்ன விளக்கங்களின் தொகுப்பான தல்மூதில் அதற்கும் பதில் உண்டு: எகிப்து வாழ்க்கை ஆரம்பத்தில் மெதுவாக இருந்து பிறகு கடுமையானதுபோல, இந்தச் செடியும் இளசாக இருக்கும்போது மென்மையாக இருந்து முற்றும்போது கசக்கும். போலந்து, ரஷ்யா போன்ற குளிர் நாடுகளில் பங்குனி, சித்திரை வாக்கில் லெட்யூஸ் முளைக்காது. அதனால் அங்கே ஹார்ஸ்ராடிஷ் கிழங்கைத் துருவி வைக்கும் வழக்கம் வந்தது. அது கசப்பைவிடக் காரம். மூக்கு வழியாக ஏறும், கண்ணில் தண்ணீர் கொட்டும். கடையில் பீட்ரூட்டும் வினிகரும் சேர்த்து பாட்டிலில் விற்பது இதற்குப் போதாது என்று கண்டிப்பானவர்கள் சொல்வார்கள், பச்சையாகத் துருவியதுதான் வேண்டும்.

லெட்யூஸிலும் ஒரு தொல்லை இருக்கிறது, பூச்சி. யூதச் சட்டப்படி பூச்சி தின்னக் கூடாது. அன்று பிற்பகல் முழுக்க எங்கள் சமையலறையில் நடந்த பெரிய வேலை இதுதான். ஒவ்வொரு இலையாகப் பிரித்து, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, நடுநரம்பை ஒட்டிய மடிப்பில் அசுவினி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கசப்புக் கீரை சாப்பிடும் கட்டளையை நிறைவேற்றப் போய்ப் பூச்சி தின்ற பாவத்தைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது அல்லவா.

ஹரோசெத், எகிப்தில் செங்கல் வேலைக்குக் குழைத்த சேற்றின் நினைவு. ஐரோப்பிய வீடுகளில் ஆப்பிள், வால்நட், லவங்கப்பட்டை, திராட்சரசம் சேர்த்து அரைப்பார்கள். நான் இருந்த வீட்டில் பேரீச்சம்பழப் பாகுதான். கறுப்பாக, கரண்டியிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டு விழும். அதன்மேல் நுணுக்கிய வால்நட்டைக் கொட்டுவார்கள். சேறு என்று சொன்னால் நம்பும்படி இருந்தது அந்த வகைதான். ஆப்பிள் வகையைப் பார்த்தால் எனக்குப் பழ சாலட் ஞாபகம்தான் வருகிறது.

மட்சா பற்றி ஒன்று மட்டும். மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிஷத்துக்குள் அது வெந்து முடிந்துவிட வேண்டும். கையை எடுக்காமல் பிசைந்துகொண்டே இருந்தால் ஒழிய, அதற்கு மேல் போனால் புளிக்கத் தொடங்கிவிட்டது என்று கணக்கு. பண்டிகைக்கு முன்பே வீட்டிலுள்ள ரொட்டி, பிஸ்கட், பீர் எல்லாவற்றையும் தீர்த்துவிட வேண்டும். அது தனிக் கதை.

இப்போது வரிசை. மொத்தம் 15 படிகள், அவற்றின் பெயர்களை எதுகை போட்டு ஒரு பாட்டாகவே முதலில் பாடிவிடுவார்கள். எல்லாவற்றையும் பெயர் சொல்லி அடுக்குவதைவிட, இரவு நகரும் விதத்தைச் சொன்னால்தான் புரியும்.

இருட்டியபின் முதல் கோப்பையோடு பண்டிகையைப் புனிதப்படுத்தும் ஜெபம். கோப்பைக்கு அளவு உண்டு: குறைந்தது 86 மில்லி என்பார் சிலர், 150 மில்லி வேண்டும் என்பார் சிலர். அதில் பெரும்பகுதியைக் குடிக்க வேண்டும், இடப்பக்கம் சாய்ந்தபடி. ரோமர் காலத்தில் சுதந்திரமானவன் சாய்ந்து உட்கார்ந்துதான் விருந்து சாப்பிடுவான், அந்தப் பழக்கம் இங்கே உறைந்து நின்றுவிட்டது. இப்படி நான்கு கோப்பை: சாப்பாட்டுக்கு முன் இரண்டு, பின் இரண்டு. யாத்திராகமம் 6-ல் 'விடுவிப்பேன்', 'மீட்பேன்' என்று வரிசையாக வரும் நான்கு வாக்குறுதிகளுக்கு ஒவ்வொன்று என்பது பரவலான விளக்கம். முதியவர்களும் பிள்ளைகளும் திராட்சைச் சாறு குடிப்பார்கள், அதில் தப்பில்லை.

அடுத்து கை கழுவுவார்கள், ஆனால் ஜெபம் சொல்ல மாட்டார்கள். பிறகு அந்தக் காய் அல்லது இலையில் ஒரு துணுக்கை எடுத்து உப்புத் தண்ணீரில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். செலரி, பார்ஸ்லி, சில வீடுகளில் வேகவைத்த உருளைக்கிழங்கு. ஏமன் யூதர்கள் உப்புத் தண்ணீருக்குப் பதில் ஹரோசெத்தில் தோய்ப்பார்கள். உப்புத் தண்ணீர் கண்ணீரைக் குறிக்கிறது என்பார்கள். ஆனால் தல்மூது சொல்லும் காரணம் இன்னும் எளிமையானது: பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காக. சாப்பாடு வரும் என்று நினைத்துக் கை கழுவி உட்கார்ந்தால், விரல் நுனி அளவுக்கு ஓர் இலையைக் கொடுத்துவிட்டு, அவ்வளவுதான் என்று சொன்னால் எந்தப் பிள்ளைதான் ஏன் என்று கேட்காது? புதிதாக வந்த விருந்தாளிகள் பசியில் அந்த உருளைக்கிழங்கை நிறைய எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஓர் ஆலிவ் காயளவுக்குக் குறைவாகச் சாப்பிட வேண்டும் என்பது முறை. அந்த அளவைத் தாண்டினால் சாப்பிட்டபின் சொல்லும் ஜெபத்தைச் சொல்வதா வேண்டாமா என்ற சிக்கல் வந்துவிடும்.

பிறகு மூன்று மட்சாவில் நடுவில் உள்ளதை எடுத்து இரண்டாக உடைப்பார்கள். சின்னத் துண்டு திரும்பத் தன் இடத்துக்கே போகும். பெரிய துண்டைத் துணியில் சுற்றி எடுத்து வைப்பார்கள். அதற்கு அஃபிகோமன் என்று பெயர், கடைசியில் வரும். பாக்தாத் வீட்டில் அதைத் துணியோடு ஒரு பிள்ளையின் தோளில் மூட்டைபோலக் கட்டிவிடுவார்கள். "எங்கேயிருந்து வருகிறாய்?" "எகிப்திலிருந்து." "எங்கே போகிறாய்?" "எருசலேமுக்கு." பெரியவர்கள் கேட்க, பிள்ளை மேசையைச் சுற்றி நடந்து பதில் சொல்லும். ஐரோப்பிய வீடுகளில் அந்தத் துண்டை ஒளித்துவைப்பார்கள், அல்லது பிள்ளைகள் திருடிக்கொண்டு போய்ப் பரிசு கொடுத்தால்தான் திருப்பித் தருவோம் என்று பேரம் பேசுவார்கள்.

இதுவரை கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அடுத்து வருவதுதான் இரவின் உடம்பு: கதை சொல்லுதல். ஒரு மணி நேரம், சில வீடுகளில் இரண்டு மணி நேரம். சாப்பாடு இன்னும் வரவில்லை.

உடைத்த அப்பத்தைக் காட்டி, இது எகிப்தில் நம் முன்னோர் தின்ற வறுமையின் அப்பம், பசித்தவர் யாராக இருந்தாலும் வந்து சாப்பிடட்டும் என்று அராமிய மொழியில் ஓர் அழைப்போடு இது தொடங்கும். இரண்டாவது கோப்பையை ஊற்றுவார்கள். உடனே, மேசையிலேயே சின்னப் பிள்ளை எழுந்து நான்கு கேள்வி பாடும். இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபடுகிறது? மற்ற இரவுகளில் புளித்ததும் புளிக்காததும் சாப்பிடுகிறோம், இன்று ஏன் புளிக்காதது மட்டும்? ஏன் கசப்பு? ஏன் இரண்டு முறை தோய்க்கிறோம்? ஏன் எல்லோரும் சாய்ந்து உட்கார்கிறோம்? மிஷ்னாவில் உள்ள பழைய பட்டியலில் சாயும் கேள்வி இல்லை. அதன் இடத்தில், மற்ற இரவுகளில் சுட்டதும் வேகவைத்ததும் தின்கிறோம், இன்று ஏன் சுட்ட இறைச்சி மட்டும் என்று இருந்தது. ஆடு போனபின் அந்தக் கேள்விக்கு மேசையில் பொருளே இல்லை. கேள்வியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்கள். பிள்ளை இல்லாத வீட்டில் மனைவி கேட்பார், தனியாக இருப்பவர் தன்னையே கேட்டுக்கொள்வார்.

பதில், நாங்கள் எகிப்தில் பார்வோனுக்கு அடிமைகளாக இருந்தோம் என்று தொடங்கும். இழிவில் தொடங்கிப் புகழில் முடிக்க வேண்டும் என்பது மிஷ்னா போட்ட விதி. எது இழிவு? அடிமைத்தனம் என்றார் சாமுவேல் என்ற தல்மூது அறிஞர். இல்லை, முன்னோர் சிலை வணங்கியதுதான் என்றார் ராவ் என்ற அறிஞர். ஹகாதா சண்டை போடவில்லை, இரண்டையும் சேர்த்துக்கொண்டது. அதனால்தான் கதை இரண்டு முறை தொடங்குவதுபோல இருக்கும், முதன்முறை கேட்பவருக்குக் குழப்பமாக இருக்கும். நடுவில் ஐந்து ரபிகள் பினே பிராக் என்ற ஊரில் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்ததும், நான்கு வகைப் பிள்ளைகளுக்கு (அறிவாளி, பொல்லாதவன், எளிய மனதுக்காரன், கேட்கவே தெரியாதவன்) எப்படிப் பதில் சொல்வது என்பதும் வரும். கேட்கத் தெரியாத பிள்ளைக்கு நீயே பேச்சைத் தொடங்கு என்று அறிவுரை.

கதையின் மையம் யாத்திராகமம் அல்ல, இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். உபாகமம் 26-ல் 5 முதல் 8 வரையுள்ள நான்கே வசனங்கள்தான். அறுவடையின் முதற்பலனைக் கொண்டுவரும் விவசாயி ஆசாரியனுக்கு முன் சொல்ல வேண்டிய வாக்குமூலம் அது. ஏற்கெனவே எல்லோருக்கும் மனப்பாடமான சுருக்கமான வரலாறு என்பதால் இதைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்பது என் கணிப்பு. அதை ஒவ்வொரு சொற்றொடராக நிறுத்தி, வேறொரு வசனத்தைக் கொண்டுவந்து விளக்குவார்கள். ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன். 7-ம் வசனத்தில் ஆண்டவர் எங்கள் சிறுமையையும், எங்கள் பாட்டையும், எங்கள் ஒடுக்கத்தையும் பார்த்தார் என்று மூன்று சொல் அடுக்கி வருகிறது. மூன்றும் ஒன்றுதானே என்று நாம் தாண்டிப் போய்விடுவோம். ஹகாதா அப்படி விடாது. சிறுமை என்றால் கணவனும் மனைவியும் பிரிந்திருந்தது. பாடு என்றால் ஆண் பிள்ளைகள், ஏனென்றால் பிறக்கும் ஆண் பிள்ளையை எல்லாம் நதியில் போட்டுவிடுங்கள் என்று யாத்திராகமம் 1:22 சொல்கிறது. ஒடுக்கம் என்றால் எகிப்தியர் கொடுத்த நெருக்கடி, அதற்கு யாத்திராகமம் 3:9. பொதுவான மூன்று சொற்கள் இப்படி ஒரு குடும்பத்தின் படுக்கையறையும், பிள்ளைகளும், வேலைத்தலமும் ஆகிவிடுகின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவ்வளவு நீளக் கதையில் மோசே கிட்டத்தட்ட இல்லை. வேறொரு காரணத்துக்காக மேற்கோள் காட்டப்படும் ஒரு வசனத்தில் மட்டும் அவர் பெயர் போகிற போக்கில் வரும். தூதன் அல்ல, வேறு யாரும் அல்ல, நானே விடுவித்தேன் என்று கடவுள் சொல்வதை ஹகாதா அழுத்திச் சொல்கிறது. மோசேயைக் கதாநாயகனாக வைத்துச் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இது உறைக்க நேரம் ஆகும்.

பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் கோப்பையிலிருந்து ஒரு துளியை விரலால் தொட்டுச் சிந்துவார்கள், அல்லது கொஞ்சம் ஊற்றிவிடுவார்கள். எதிரி பட்ட பாட்டில் நம் சந்தோஷத்தின் கோப்பை நிறைந்திருக்கக் கூடாது என்பது இன்று பலரும் சொல்லும் விளக்கம். பிறகு 'தயேனு' பாட்டு. இதை மட்டும் செய்திருந்தாலே எங்களுக்குப் போதுமே என்று ஒவ்வொரு நன்மையாக எண்ணிப் போகும். பாரசீக யூத வீடுகளில் அப்போது வெங்காயத்தாளை எடுத்து ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள், எகிப்துச் சாட்டையின் நினைவாக. பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் அதில் எழுந்துவிடுவார்கள்.

உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு, அதாவது தட்டில் இருப்பது எதற்கு என்பதற்கு, ஹகாதாவே நேராகப் பதில் சொல்லும் இடம் அடுத்து வருகிறது. பஸ்கா, மட்சா, மாரோர் (கசப்புக் கீரை) ஆகிய மூன்றையும் பற்றிச் சொல்லாதவன் கடமையை நிறைவேற்றவில்லை என்றார் ரபான் கமாலியேல் என்ற பழைய யூத ஆசான். மட்சாவைச் சொல்லும்போது அதைத் தூக்கிக் காட்டுவார்கள். கசப்புக் கீரையைச் சொல்லும்போது அதையும் தூக்கிக் காட்டுவார்கள். பஸ்காவைச் சொல்லும்போது மட்டும் எலும்பைத் தொட மாட்டார்கள். பார்ப்பதோடு சரி. ஆலயம் இருந்த காலத்தில் நம் முன்னோர் சாப்பிட்ட பஸ்கா என்று இறந்தகாலத்தில்தான் வாசிப்பு வரும். தூக்கிக் காட்டினால் இந்த எலும்பையே பலியாக ஒதுக்கியதுபோல ஆகிவிடும்.

பிறகு சங்கீதம் 113, 114. இரண்டாவது கோப்பை. அப்பாடா, சாப்பாட்டை நெருங்கிவிட்டோம்.

இப்போது ஜெபத்தோடு கை கழுவி, மட்சாவை எடுத்து இரண்டு ஜெபம் சொல்லிச் சாப்பிட வேண்டும். இந்த மட்சா கட்டளைக்காகத் தின்பது, பசிக்காக அல்ல. குறைந்தது ஓர் ஆலிவ் அளவு என்பது சட்டம், அது எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நடைமுறையில் பலர் இயந்திர மட்சாவில் பாதியைச் சாப்பிடுவார்கள், அதுவும் சில நிமிஷங்களுக்குள். பேச்சே இருக்காது, எல்லோரும் மும்முரமாக மென்றுகொண்டிருப்பார்கள். வறண்ட பண்டம், தொண்டையில் இறங்காது. நான் பார்த்துக்கொண்ட பெரியவருக்குப் பல் இல்லை, அவருக்கு மட்டும் தண்ணீரில் நனைத்துக் கொடுப்போம். முதியவர்களுக்கு அதற்கு அனுமதி உண்டு.

அடுத்து கசப்புக் கீரையை ஹரோசெத்தில் தோய்த்து, உடனே உதறிவிட்டுச் சாப்பிடுவார்கள். இனிப்பு கசப்பை மூடிவிடக் கூடாது. இதை மட்டும் சாயாமல் நேராக உட்கார்ந்து தின்ன வேண்டும், அடிமைத்தனத்தின் நினைவு என்பதால். அப்புறம் மட்சாவையும் கீரையையும் சேர்த்து ஒரு சாண்ட்விச். ஆலயம் இருந்த காலத்தில் ஹில்லேல் என்ற யூத ஆசான் இப்படித்தான் செய்தார் என்று சொல்லிச் சாப்பிடுவார்கள். ஹில்லேலின் சாண்ட்விச்சில் ஆட்டிறைச்சியும் இருந்திருக்கும். இப்போது அது இல்லாமலே அவரைப் பின்பற்றுகிறார்கள்.

அப்புறம்தான் விருந்து. பலர் உப்புத் தண்ணீரில் போட்ட அவித்த முட்டையோடு தொடங்குவார்கள். சூப், மீன், இறைச்சி எல்லாம் வரும். அரிசி மட்டும் வீட்டைப் பொறுத்தது: ஈராக், ஏமன் வழி வந்தவர்களில் பெரும்பாலோர் சாப்பிடுவார்கள், ஐரோப்பிய வழி வந்தவர்கள் பஸ்கா வாரம் முழுக்க அரிசியும் பருப்பும் தொட மாட்டார்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒளித்து வைத்த அஃபிகோமன் வரும். இதை வயிறு நிறைந்தபின்தான் சாப்பிட வேண்டும், இதற்குப்பின் வேறெதுவும் தின்னக் கூடாது, பழம், பலகாரம்கூட. ஆலயக் காலத்தில் பஸ்கா ஆட்டைத்தான் இப்படிக் கடைசியில், அதன் ருசி வாயில் நிற்கும்படி சாப்பிட்டார்கள். ஆடு இருந்த இருக்கையில் இப்போது இந்த உடைந்த மட்சாத் துண்டு உட்கார்ந்திருக்கிறது. ஆட்டுக்கு இருந்த நேரக் கெடுவும் இதற்கு உண்டு, நள்ளிரவுக்குள் முடிக்க வேண்டும்.

பல வீடுகளில் பிசகு நடக்கும் இடம் இதுதான். 2026-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், சேடர் இரவு ஏப்ரல் 1, புதன்கிழமை. கோடைக்கால நேரம் நடப்பில் இருப்பதால் எருசலேமில் நன்றாக இருட்ட ஏழரை தாண்டிவிடும். நள்ளிரவு என்பது 12 மணி அல்ல, சூரியன் மறைவதற்கும் உதிப்பதற்கும் நடுப்புள்ளி, அன்று ஏறக்குறைய 12.40. எட்டு மணிக்கு முதல் கோப்பை என்று வையுங்கள். எட்டே காலுக்குக் கதை தொடங்கி, ஆளாளுக்கு விளக்கம் சொல்லி, பத்தரைக்கு முடிந்தால், மட்சா, கீரை, சாண்ட்விச் எல்லாம் முடிய பதினொன்று. விருந்துக்கு மிச்சம் ஒன்றரை மணி நேரம். கேட்கப் போதுமானதுபோல இருக்கும். ஆனால் இரண்டாம் முறை சூப் ஊற்றும்போது யாராவது கடிகாரத்தைப் பார்த்துக் கத்துவார்கள், ஒளித்த துண்டு எங்கே என்று தேடினால் ஒளித்த பிள்ளை தூங்கியிருக்கும். கிடைக்காவிட்டால் வேறு மட்சாத் துண்டு போதும், அதனால் பெரிய நஷ்டம் இல்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்கங்களில் பாதியை விருந்தின்போது பேசிக்கொள்ளலாம் என்று நகர்த்திவிடுவார்கள்.

சாப்பாட்டுக்குப் பின் நன்றி ஜெபம், மூன்றாவது கோப்பை. பிறகு வாசல் கதவைத் திறப்பார்கள். மேசையில் எலியா தீர்க்கதரிசிக்கு என்று ஒரு கோப்பை நிறைந்திருக்கும், பிள்ளைகள் அதில் மட்டம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். திறந்த வாசலில் வாசிக்கும் வசனம் சங்கீதம் 79-லிருந்து: உம்மை அறியாத ஜாதிகள்மேல் உம் கோபத்தை ஊற்றும். இது மத்தியகால ஐரோப்பாவில், சிலுவைப் போர்க் கும்பல்கள் யூதர்களைக் கொன்ற காலத்தையொட்டிச் சேர்ந்தது. பஸ்காவை ஒட்டித்தான் யூதர்கள்மேல் பொய்க் கொலைப் பழியும் சுமத்தப்பட்டது. அந்தப் பின்னணி தெரியாமல் கேட்டால் கடுமையாகத் தோன்றும்.

பிறகு சங்கீதம் 115 முதல் 118 வரை, 136, நான்காவது கோப்பை. 'அடுத்த வருஷம் எருசலேமில்' என்ற முழக்கம். எருசலேமிலேயே இருப்பவர்கள் 'திரும்பக் கட்டப்பட்ட எருசலேமில்' என்பார்கள். அதற்குப்பின் பாட்டுகள், விழித்திருப்பவர்கள் மட்டும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. பெரிய வியாழன் அன்று இதைச் செய்து பார்ப்பதில் எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று வரலாறு. இயேசு கடைசி இரவில் அமர்ந்தபோது ஆலயம் நின்றுகொண்டிருந்தது. அது பஸ்கா விருந்துதான் என்றால் ஆடு மேசையில் இருந்திருக்கும், ஹகாதா இருந்திருக்காது. மாற்கு 14:26-ல் பாட்டுப் பாடிவிட்டுப் புறப்பட்டார்கள் என்று வருவது இந்த சங்கீதங்களாக இருக்கலாம். ஆனால் யோவான் 18:28 படித்தால் மறுநாள் காலையிலும் பஸ்கா சாப்பிடப்படவில்லை என்றுதான் தெரிகிறது. ஆக, இன்றைய சேடரை வைத்து இயேசு இப்படித்தான் செய்தார் என்று காட்டினால் அது தப்பான படம். மறைத்த அப்பத் துண்டும் மூன்று மட்சாவும் திரித்துவத்தைக் குறிக்கின்றன என்று சில சபைகளில் சொல்கிறார்கள், அந்த வழக்கங்களுக்கு யூத மரபில் அப்படி ஒரு பொருள் இல்லை. இன்னொன்று மரியாதை. கதவைத் திறக்கும் அந்த வசனம் எப்படி வந்தது என்று தெரிந்தபின், சபையார் அதையே நாடகமாகச் செய்வது பல யூதர்களை வருத்துகிறது. உபாகமம் 26-ஐயும் சங்கீதம் 113 முதல் 118 வரையும் அன்று சேர்ந்து வாசியுங்கள், அது யாருக்கும் பொதுவானது.

யூத நண்பர் யாராவது கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். போவதற்கு முன் ஆறு மணி வாக்கில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், உண்மையான சாப்பாடு வர பத்து மணி தாண்டும். கேக், பிஸ்கட் எதுவும் எடுத்துப் போகாதீர்கள், அந்த வீட்டுக்குள் அது வரவே கூடாது. பூ வாங்குவதாக இருந்தால் முதல் நாளோ அன்று பகலிலோ கொடுத்தனுப்புவது நல்லது. கண்டிப்பான வீடு என்றால் உதவி செய்கிறேன் என்று திராட்சரச பாட்டிலை எடுத்து ஊற்றாதீர்கள். யூதர் அல்லாதவர் கை பட்டால் காய்ச்சாத திராட்சரசத்தை அவர்கள் குடிக்க முடியாமல் போய்விடும், வெளியே சொல்லவும் கூச்சப்படுவார்கள். வாசிக்கும் முறை உங்களிடம் வந்தால் தெரிந்த மொழியில் வாசிக்கலாம். கேள்வி கேட்பதற்கு மட்டும் யோசிக்காதீர்கள், அந்த மேசையில் அதற்கு எப்போதும் இடம் உண்டு.